பார்சல் பெட்டியும் பட்டர் பேப்பரும்: பிளெண்டரில் மூலையைப் பிடித்த கதை

பெங்களூரு அவென்யூ ரோட்டில் ஒரு பேக்கிங் கடையில் பழுப்பு நிற கிராஃப்ட் பார்சல் பெட்டிகள் ஒரு கட்டும், கொஞ்சம் பட்டர் பேப்பரும் வாங்கி வந்தேன். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு வடை பார்சலை அச்சு அசலாகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கடைக்காரர் தமிழர்தான். பெட்டிகளைத் தட்டையாகவே அடுக்கிக் கொடுத்தார். மேலே கிடந்ததை எடுத்து மடித்துப் பார்த்தபோது, "அண்ணே, அந்தக் கோட்டுல நகத்தால ஒரு தடவ இழுத்துட்டு மடிங்க, நேரா நிக்கும்" என்றார். பெட்டி தட்டையாகத்தான் பிறக்கிறது. மாடலையும் அப்படியே தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

ஒரு கனசதுரத்தை நீட்டிச் சுருக்கிப் பெட்டியாக்குவது சுலபம். ஆனால் அதில் மடிப்பு இருக்காது, விளிம்புதான் இருக்கும். அதனால் நிஜப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, அளவுகோலால் அளந்து, அதே உருவத்தைத் தட்டையான மெஷ்ஷாக வரைந்தேன். அடி 17 செ.மீ.க்கு 12 செ.மீ., சுவர் உயரம் 5 செ.மீ. தட்டையாக இருக்கும்போதே மேலிருந்து பார்க்கும் கோணத்தில் `Project from View` கொடுத்து யூவியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் எப்படி மடித்தாலும் அச்சு பலகையோடு ஒட்டிக்கொண்டே வரும். மூடியில் தொடங்கி முன்பக்கத்துக்கு இறங்கும் சின்னம்கூட மடிப்பில் உடையாமல் தொடரும்.

மடிப்பதற்கு, மடிப்புக் கோட்டைத் தேர்ந்து `Shift+S` அழுத்தி 3டி கர்சரை அங்கே வைத்து, கர்சரையே சுழல்மையமாக்கி, அந்தப் பலகையை மட்டும் சுழற்றினால் போதும். 90 டிகிரிக்குச் சுழற்றாதீர்கள். அட்டை எப்போதும் கொஞ்சம் திரும்பி வரப் பார்க்கும். சுவர்களுக்கு 86, 87 என்று ஆளுக்கொரு கோணம் கொடுத்தேன், மூடியை இன்னும் சற்றுத் தூக்கி விட்டேன். பெட்டி பெட்டியாகத் தெரிந்தது அப்போதுதான்.

அடுத்தது தடிமன். என் பெட்டியின் அட்டை சுமார் 0.4 மி.மீ. முதலில் `Bevel`, அதற்குக் கீழே `Solidify` என்ற வரிசையில் வைத்தேன். வெளிப்பக்க வளைவுக்கு 0.6 மி.மீ. கொடுத்தேன். இது தடிமனைவிடக் குறைந்தால் உள்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூலையில் கறுப்புக் கோடு விழும். வெட்டு விளிம்புக்குத் தனி மெட்டீரியல் தேவை. அங்கே அச்சு மை இருக்காது, நார்தான் தெரியும்.

சின்னத்தை நானே வரைந்தேன்: மடித்த வாழையிலை ஒன்று, அதன் கீழே 'சூடாக' என்று ஒரே சொல். கரும்பச்சை, ஒற்றை நிறம். கிராஃப்ட் அட்டையில் மை மேலே உட்கார்ந்திருக்காது, உள்ளே இறங்கிவிடும். அதனால் சின்னத்தை அட்டை நிறத்தோடு `Multiply` முறையில் கலக்க வேண்டும். நார்க்கோடுகள் பச்சைக்குள்ளும் தெரிய வேண்டும். இலை நரம்புகளை வெள்ளையாக வரையாமல் அட்டையின் பழுப்பையே விட்டேன். ஒற்றை நிற அச்சில் வெள்ளை எங்கிருந்து வரும்? பெரிதாக்கிப் பார்த்தால் நிஜப் பெட்டியின் அச்சில் எழுத்து ஓரம் சற்று அடர்த்தியாக இருக்கிறது. பிளெக்ஸோ அச்சில் ரப்பர் போன்ற மென்மையான தகடு அழுந்தும்போது மை ஓரத்துக்கு ஒதுங்குவதால் வருவது அது. அந்த மெல்லிய அடர் ஓரத்தைச் சேர்த்தவுடன் ஸ்டிக்கர் ஒட்டியது போன்ற தோற்றம் போய்விட்டது.

இனி பட்டர் பேப்பர். இதற்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன், அது வீணாகவில்லை. பலரும் ஒரு சதுரத் தாளைப் பெட்டிக்குள் துணி சிமுலேஷனில் விழ விடுகிறார்கள். விழும், ஆனால் கைக்குட்டை மாதிரி விழும். துணி நீளும், மூலையில் குழைந்து உட்காரும். தாள் நீளாது. அந்த வித்தியாசம் முழுக்க ஒரே இடத்தில் தெரிகிறது: பெட்டியின் உள்மூலை.

தட்டையான தாளில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 டிகிரி தாள் இருக்கிறது. அந்தப் புள்ளியைப் பெட்டி மூலையில் அழுத்தினால், அடிக்கு 90, இரண்டு சுவர்களுக்கும் தலா 90, ஆக 270தான் செலவாகிறது. மீதி 90 டிகிரி தாள் எங்காவது போக வேண்டும். அது நடுவில் மடிந்து, 45 டிகிரி முக்கோணம் இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோடு சாய்கிறது. மூலையில் அந்த இரட்டை முக்கோணம் இல்லையென்றால் உங்கள் தாள் எங்கேயோ சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் "இது தாள் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடும்.

சோதிக்க வழி இருக்கிறது. தட்டைத் தாளின் யூவியை வைத்துக்கொண்டு, மடித்த பிறகு யூவி எடிட்டரில் `Display Stretch` போட்டுப் பாருங்கள். எல்லாம் நீலமாக இருந்தால் தாள் நீளவில்லை. மூலையில் பச்சையோ மஞ்சளோ வந்தால் அங்கே தாள் ரப்பர் ஆகிவிட்டது.

மடிப்புக் கோடுகளைக் கற்பனையாக வரையவில்லை. நிஜத் தாளைப் பெட்டிக்குள் அழுத்தி, எடுத்து விரித்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்னால் வெளிச்சம் வர போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு மடிப்பும் துல்லியமாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பின்னணியில் வைத்து, `K` கத்தியால் மெஷ்ஷை அதே கோடுகளில் வெட்டி, அட்டையை மடித்த அதே முறையில் பெரிய மடிப்புகளைக் கையாலேயே மடித்தேன். கடைசித் தளர்வுக்கு மட்டும் துணி சிமுலேஷன். அதை நிஜ அளவில் ஓட்டினால் தாள் பெட்டியில் படாமல் மிதக்கும். மோதல் இடைவெளி இயல்பாகவே 0.015 மீட்டர், அதாவது ஒன்றரை செ.மீ.; 5 செ.மீ. பெட்டிக்கு அது மிக அதிகம். எல்லாவற்றையும் பத்து மடங்காக்கி ஓட்டி, முடிந்ததும் சுருக்கிக்கொண்டேன்.

அதே ஜன்னல் போட்டோ இன்னொரு வேலைக்கும் உதவியது. பட்டர் பேப்பரை மடித்தால் மடிப்பு வெளுத்துவிடும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, கோடுகள் இருக்கும் இடத்தில் மட்டும் தாளின் ஒளி ஊடுருவலைக் குறைத்தேன்.

எண்ணெய்ப் பொட்டு விஷயத்தில் ஒரு கவனம். பத்திரிகைத் தாளில் எண்ணெய் ஊறினால் கண்ணாடி மாதிரி ஆகும். பட்டர் பேப்பரில் கூழை மிக அதிகம் அரைத்து இழைகளை நெருக்கி வைத்திருப்பதால் எண்ணெய் சட்டென்று உள்ளே போகாது, மேலே பளபளப்பாக நிற்கும். ஆகவே பொட்டுகளில் நிறத்தை மாற்றாமல் `Roughness` மட்டும் 0.15க்கு இறக்கினேன். மடிப்பில் அந்த இறுக்கம் உடைவதால், அங்கே மட்டும் கொஞ்சம் ஊற விட்டேன்.

ஆவிக்குப் பெரிய சிமுலேஷன் தேவைப்படவில்லை. வடைக்கு மேலே ஒரு கனசதுர வால்யூம், அதில் உயரவாக்கில் இழுத்த நாய்ஸ், மேலே போகப் போக மங்கும் கிரேடியன்ட். 8 செ.மீ.க்கு மேல் ஒன்றுமே தெரியக் கூடாது. அடர்த்தியைக் கூட்டினால் ஊதுபத்திப் புகை ஆகிவிடும். தெரியவில்லை என்றால் விளக்கை மாற்றுங்கள்: ஆவி பின்னாலிருந்து வரும் ஒளியைத்தான் நம் பக்கம் அதிகம் சிதறடிக்கும். பின்பக்கம் ஒரு விளக்கு, இருண்ட பின்னணி, `Anisotropy` 0.6. அந்த விளக்கே தாளின் விளிம்பையும் ஊடுருவி ஒளிரச் செய்கிறது.

இன்னும் மூடியின் செருகும் நாக்கு சரியாக வரவில்லை. நிஜத்தில் அது பிளவுக்குள் நுழையும்போது சற்று வளைகிறது, என்னுடையது விறைப்பாகவே நுழைகிறது. நாக்கில் குறுக்கே நான்கைந்து வெட்டுகள் போட்டு வளைத்துப் பார்க்கப் போகிறேன்.