பேக்கிங் சிலிப்பின் பின்பக்கம்

மண்டபம் பக்கம் ஒரு நண்டுச் சதை கம்பெனியில் பதினொரு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தேன். வருகைப் பதிவு, கூலிப் பட்டியல், சீனியாரிட்டி பட்டியல் எல்லாம் என் மேஜையில்தான். ஷெட்டில் அவித்த நண்டு ஆறியதும் அக்காமார் சின்னக் கத்தியை வைத்து ஓட்டைப் பிளப்பார்கள். சதை சிதையாமல் முழுத்துண்டாக எடுத்து ஐஸ் தட்டில் அடுக்குவார்கள். துண்டு பெரிதாக இருந்தால்தான் விலை. அந்தக் கை பழகுவதற்கே ஒரு வருஷம் பிடிக்கும்.

2018 பிப்ரவரியில் ஆர்டர் படுத்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை வேறு வரப்போகிறது. அதற்கு முன்பே பதினான்கு பேரை ஆட்குறைப்பு செய்தார்கள். கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி, அதை ஒழுங்காகவே பின்பற்றினார்கள். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள், சர்வீஸுக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலியும் கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு 135 நாள் கூலி, நாளுக்கு 300 ரூபாய் வீதம் 40,500. வவுச்சரில் கையெழுத்து வாங்கியவன் நான். ‘எல்லாக் கணக்கும் முடிந்தது’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரி பின்னால் வேலை செய்யும் என்று அப்போது தெரியாது.

2019 அக்டோபரில் ஆர்டர் திரும்பி வந்தது. ஐந்து பேர் வேண்டும் என்றார் மேனேஜர். நானும் யோசிக்காமல் ‘ஆட்கள் தேவை’ என்று அட்டை எழுதி கேட்டில் மாட்டிவிட்டேன். ஏஜென்டிடமும் சொல்லியாயிற்று. மூன்றாம் நாள், பழைய ஆட்களில் ஓர் அக்கா வந்து ஜன்னல் பக்கம் நின்றார்.

“எங்கள விட்டுட்டு வெளியாளத் தேடுறீகளா தம்பி?”

உள்ளே போய்ச் சொன்னேன். “அவங்க கணக்கு முடிஞ்சுது, வவுச்சர் இருக்குல்ல” என்றார் மேனேஜர். அப்புறம், “நம்மகிட்ட ஐம்பது பேர் கூட இல்ல, சட்டம் நமக்குப் பொருந்தாது” என்றார். இரண்டையும் நான் நம்பினேன். மறுநாள் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் அந்த அக்காவோடு வந்தார். கம்பெனி வக்கீலுக்குப் போன் போட்டோம். இரண்டுமே தவறு என்றார் அவர்.

அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 25எச் என்று ஒரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்பு செய்த முதலாளி மறுபடி ஆள் எடுக்க நினைத்தால், வெளியேற்றிய ஆட்களுக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும். வருகிறேன் என்று சொல்பவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னுரிமை. கொடுத்த 135 நாள் கூலி, போன வேலைக்கான நஷ்டஈடு. திரும்பி வரும் உரிமையை அது விலைக்கு வாங்கிவிடாது. ஐம்பது பேர் கணக்கும் இங்கே வராது. ஐம்பதுக்குக் கீழே உள்ள நிறுவனங்களுக்கும், சீசன் தொழிலுக்கும் அந்தச் சட்டம் தந்திருந்த விலக்கு லே-ஆஃப் சம்பந்தப்பட்ட சில பிரிவுகளுக்கு மட்டும்தான். லே-ஆஃப் என்பது வேலையை நிறுத்தி வைப்பது. ஆட்குறைப்புக்கும் திரும்ப எடுப்பதற்கும் அந்த விலக்கு கிடையாது. நம் பக்கத்துச் சின்ன கம்பெனிகள் பலவற்றில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

கேட் அட்டையைக் கழற்றினேன். 1957ஆம் ஆண்டு மத்திய விதிகளில் சொன்ன முறைப்படியே செய்யுங்கள் என்றார் வக்கீல். இடங்களை நிரப்புவதற்குப் பத்து நாள் முன்பாவது விவரத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். அதோடு தகுதியுள்ள பழைய ஆட்களுக்குத் தனித்தனியாகப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். இடம் குறைவாக இருந்தால் சீனியாரிட்டியில் மேலே இருப்பவர்களில், காலியிடத்தைப் போல் இரண்டு மடங்கு பேருக்கு அனுப்பினால் போதும். ஐந்து இடம், அதனால் பத்து கடிதம்.

சனிக்கிழமை பத்தையும் போஸ்டாபீஸில் போட்டேன். பழைய ஆட்களுக்கு நான்தான் தெரிந்தவன் என்பதால் கேட்டிலேயே சிலர் விசாரித்தார்கள். “வாட்ச்மேன்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன், போதும்ல?” என்று கேட்டார் ஒருவர். எழுதித் தந்தால் நல்லது என்றேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டேன். என் வேலையா என்று கேட்டால் தெரியாது, சரி, செய்தேன்.

ஆறு பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் பதிலே தரவில்லை. மூன்று கடிதம் திரும்பி வந்தன. மேலிருந்து முதல் ஐந்து பேரை எடுத்தோம். ஐந்தாவதாக வந்தவர் பட்டியலில் எட்டாவது ஆள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியலில் மூன்றாவது ஆளான அக்கா வந்து நின்றார், அந்த ஒன்பது வருஷ அக்காதான். மகள் கல்யாணத்துக்குப் பிறகு பாம்பனை விட்டுத் தங்கச்சிமடத்துக்குக் குடிபோயிருந்தார். திரும்பி வந்த உறையில் ‘முகவரியில் இல்லை’ என்று தபால்காரர் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

“நா அன்னைக்கே சொன்னேனே தம்பி, செக் வாங்கும்போது. நீங்க எழுதிக்கிட்டீகளே.”

உண்மைதான். தேடினேன். கீழ் டிராயரில், பழைய பேக்கிங் சிலிப் ஒன்றின் பின்பக்கத்தில் என் கையெழுத்திலேயே தங்கச்சிமடம் முகவரி இருந்தது. பதிவேட்டில் ஏற்றவே இல்லை. ஆட்குறைப்பின்போது கொடுத்த முகவரிக்கு, அல்லது பிறகு எப்போது கொடுத்தாலும் அந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் விதி சொன்னது. அனுப்பியாயிற்று, நோட்டீஸும் ஒட்டியாயிற்று, கம்பெனி கடமை முடிந்தது என்றார் மேனேஜர். சிலிப்பை மேஜையில் வைத்தேன். ஆபீஸில் எழுதி வைத்த முகவரி கம்பெனிக்குத் தெரிந்த முகவரிதான் என்று வக்கீலும் சொன்னார். ஆனால் எட்டாவது ஆளை வெளியே அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். அடுத்த இடம் இந்த அக்காவுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த இடம் ஜனவரியில்தான் விழுந்தது. இரண்டரை மாதக் கூலி என் சோம்பலில் போயிற்று.

இன்று அதே கதை நடந்தால் அந்த ஐந்து பேரில் ஒருவரையும் சட்டம் காப்பாற்றாது. 2018 பிப்ரவரிக்கும் 2019 அக்டோபருக்கும் இடையே இருபது மாதம். 25எச்-இல் கால வரம்பே இல்லாததால்தான் அவர்களுக்கு வழி கிடைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 72ஆம் பிரிவு அதே முன்னுரிமையைத் தருகிறது, ஆனால் ஆட்குறைப்பு செய்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஆள் எடுத்தால் மட்டும். பதின்மூன்றாம் மாதம் கேட்டில் அட்டை மாட்டினால் யாரும் கேட்க முடியாது. தடைக்காலம், மழைக்காலம், ஆர்டர் வரும் காலம் என்று ஓடும் எங்கள் தொழிலில் ஒரு வருஷம் ரொம்பச் சின்னது. வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்துச் செய்தால் ‘நாங்கள் எடுக்கவில்லை, அவர் எடுத்தார்’ என்று சொல்வதும் பழைய வழி. அது வெறும் கண்துடைப்பு என்று நிரூபிக்கும் வேலை தொழிலாளி தலையில்தான் விழும்.

ஜனவரியில் அந்த அக்கா வேலைக்கு வந்த முதல் நாள், கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டை என்னிடமிருந்து வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். முகவரி இருந்த இடத்தில் விரலை வைத்து, “இதப் படிங்க தம்பி” என்றார். படித்தேன். தங்கச்சிமடம் என்று வந்ததும் தலையாட்டிவிட்டு ஷெட்டுக்குள் போனார்.