35.48-ன்னு எழுதின புள்ள

குளோரின் சராசரி அணு நிறைக்கு நான் எப்பவும் நெல்லு மூட்டையத்தான் இழுப்பேன், மன்னார்குடி பக்கத்துப் புள்ளைங்களுக்கு வேற எதுவும் இவ்ளோ சட்டுனு புடிபடாது. நூறு மூட்டைல 75 மூட்டை 35 கிலோ, 25 மூட்டை 37 கிலோ, அப்ப சராசரி 35.5, ஆனா 35.5 கிலோ மூட்டை ஒண்ணு கூட அங்க இருக்காது. அணுவும் அப்படித்தான், குளோரின்ல 35, 37-ன்னு ரெண்டு வகை அணு கலந்திருக்கு, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 36-ன்னு எழுதாதீங்க, எது எவ்ளோ சதவீதம் இருக்கோ அதால பெருக்குங்க. அத்தோட பாடம் முடிஞ்சுரும்.

அன்னைக்கு ஒரு பொண்ணு சரியான சதவீதத்தையே எடுத்துக்கிட்டா, 75.77-ம் 24.23-ம். 35-ஐயும் 37-ஐயும் அதால பெருக்கிக் கூட்டினா 35.48. அட்டவணைல 35.45 இருக்கே சார்னு நோட்டோட வந்து நின்னா. ரவுண்ட் பண்றதுல வந்திருக்கும்மான்னு சொல்லி அனுப்பிருக்கலாம், பப்ளிக் எக்ஸாம் பக்கத்துல வந்தாச்சு, யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா அவ விடல. "மூட்டைல எழுதியிருக்கறதும் தராசுல வர்றதும் ஒண்ணா சார்? கொள்முதல் நிலையத்துல எங்கப்பா தராசத்தானே பாப்பாரு"ங்கறா.

அதுக்கு மேல மறைக்க முடியல. 35-ங்கறது நிறை எண், புரோட்டான் 17 நியூட்ரான் 18-ன்னு தலைய எண்ணின கணக்கு, எடை இல்ல. எடை 34.969, இன்னொண்ணு 36.966. இத போட்டுப் பாருன்னேன், 26.496-ம் 8.957-ம் கூட்டி 35.453 வந்துச்சு, மூஞ்சி மலர்ந்துச்சு. உடனே அடுத்தது, ஏன் சார் 35-க்கு கம்மி? தனித்தனியா எலக்ட்ரானையும் சேத்துக் கூட்டினா 35.289 வரும்மா, அணுக்கருவா சேரும்போது கொஞ்சம் நிறை ஆற்றலா வெளிய போயிடும், கார்பன்-12 மட்டும் நாமளே 12-ன்னு வச்சுக்கிட்டதால முழு எண்ணுன்னேன்.

அடுத்த டெஸ்ட்ல போரான். 10 வந்து 20 சதவீதம், 11 வந்து 80. ஒரு வரில 10.8 வந்துரும். இவ என்னடான்னா "நிறை எண் மட்டுமே தரப்பட்டுள்ளது, எனவே தோராயமாக"ன்னு மேல எழுதிட்டு, கீழ 10.8 போட்டிருக்கா. திருத்தினது இன்னொரு டீச்சர், தேவையில்லாததுன்னு அரை மார்க் போச்சு. மறுநாள் அவங்கப்பா வந்து, புள்ள ஏன் சார் இப்படி கொழம்புதுன்னாரு.

கொழம்பல, அவ எழுதினதுதான் சரி, அட்டவணைல 10.81 இருக்கு. ஆனா அத அவர்கிட்ட சொல்லி என்ன, பேப்பர் திருத்தறது நான் இல்லையே. "கேள்வில குடுத்த நம்பர மட்டும் போடு, வேற எதுவும் எழுதாத"ன்னு அவகிட்ட சொல்லிட்டேன், சரிங்க சார்னு தலையாட்டினா. பத்தாவதுக்கு அதுதான் நியாயம்னு இப்பவும் நெனைக்கறேன். அப்புறம் ஏன் அன்னைக்கு 34.969-ஐ போர்டுல எழுதினேன்னு கேட்டா அதுக்கும் என்கிட்ட ஒரு நியாயம் இருக்கு, ரெண்டும்தான் ஒத்துப்போக மாட்டேங்குது.