இரும்பு டானிக் ஏன் வேலை செய்யவில்லை: குன்னூரிலிருந்து ஒரு ஈய அனுபவம்

மகளுக்கு அப்போது இரண்டரை வயது தாண்டியிருந்தது. சோறு இறங்காது, அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் சிணுங்கல். நாக்கும் உள்ளங்கையும் வெளுத்திருந்தன. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.1. குன்னூர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் உடம்பு கொஞ்சம் கூடுதலாகவே ஹீமோகுளோபின் வைத்துக்கொள்ளும் என்பதால், சமவெளியில் 8.1 என்றால் என்ன பொருளோ அதைவிட இது மோசம். முதலில் பார்த்த மருத்துவர் வழக்கம்போல் பூச்சி மருந்தும் இரும்பு டானிக்கும் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். மறுபடி பார்த்தால் 8.6. வெறும் இரும்புக் குறைபாடாக இருந்தால் முதல் மாதத்திலேயே ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டுமாம்.

அடுத்து சந்தேகப்பட்டது பரம்பரை ரத்த நோய்களான தலசீமியாவையும் சிக்கில் செல்லையும். நீலகிரியில் பழங்குடி மக்களிடையே சிக்கில் செல் உண்டு என்பதால் இங்கே ரத்தசோகை என்றாலே அந்தக் கேள்வி எழும். இரண்டும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த அலைச்சலில் கோயம்புத்தூர் வரை போய் வந்த நாட்களை விட்டுவிடுகிறேன்.

கடைசியில் திருப்பம் தந்தது ஒரு கண்ணாடித் தகடுதான். வயதான நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் டப்பாவில் கிடந்த பழைய ரத்தத்தை நம்பாமல், குழந்தையின் விரலில் குத்திப் புதிதாகத் தடவி, சாயமேற்றிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். வெளிறிய சிவப்பணுக்கள், அவற்றில் சிலவற்றின் மேல் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள், ஊறுகாய் மசாலா சிந்தியது போல. “ஏம்மா, வீட்ல ரசம் எதுல வைக்கிறீங்க?” என்றுதான் கேட்டார்.

ஈயச் சொம்பில்தான். தமிழில் இது ஒரு தொல்லை: டின் எனப்படும் வெள்ளீயமும் ஈயம், லெட் எனப்படும் நச்சுக் காரீயமும் ஈயம். ரசச் சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டியது. அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து எடுத்துவிடும். அன்று மாலையே அத்தையின் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டேன். அவர் என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈயத்தின், அதாவது காரீயத்தின், அளவு டெசிலிட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்று வந்தது. 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 45-ஐத் தொட்டால் மருந்து கொடுக்கச் சொல்கிறது.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். இருந்தும் இந்தப் புள்ளிகளும் ரத்தசோகையும் எப்படிச் சேர்கின்றன என்று அந்த மருத்துவர் சொல்லித்தான் புரிந்தது. ஹீமோகுளோபினில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் வளையத்துக்கு ஹீம் என்று பெயர். அதை உடம்பு எட்டுப் படிகளில் கட்டுகிறது, படிக்கு ஒரு நொதி. காரீயம் முக்கியமாக இரண்டு இடத்தில் கைவைக்கிறது. ஒன்று, இரண்டாவது படி. அங்கே உள்ள நொதி துத்தநாகத்தை வைத்துத்தான் வேலை செய்யும். காரீயம் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. வளையத்துக்கான மூலப்பொருள் பாதியிலேயே தேங்குகிறது. மற்றொன்று, கடைசிப் படி. வளையம் முடிந்து, நடுவில் இரும்பை வைக்க வேண்டிய நேரம். அதைச் செய்யும் ஃபெரோகெலட்டேஸ் என்ற நொதி காரீயத்தால் முடங்குகிறது. இரும்பு பக்கத்திலேயே இருந்தாலும் உள்ளே போகாது. அந்த இடத்தில் துத்தநாகம் ஏறிவிடுகிறது. நான் ஊற்றிய டானிக் வாசலில் நின்றது இதனால்தான்.

எனக்கு ஒரு தப்பான எண்ணம் இருந்தது. ஹீம் சரியாக உருவாகாததன் குப்பைதான் அந்த நீலப் புள்ளிகள் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். இளம் சிவப்பணுவில் புரதம் கட்டும் ரைபோசோம்கள் நிறைய இருக்கும். அணு முதிரும்போது அவற்றின் ஆர்.என்.ஏ.வை உடைத்து வெளியே தள்ள வேண்டும். அந்தக் கடைசிச் சுத்தத்தைச் செய்வது பிரிமிடின் 5'-நியூக்ளியோடைடேஸ் என்ற வேறொரு நொதி. காரீயம் அதையும் அடக்கிவிடுகிறது. உடையாத எச்சம் திரண்டு, சாயத்தில் நீலமாகத் தெரிகிறது. பிறவியிலேயே இந்த நொதி குறைந்தவர்களுக்கு ஈயமே இல்லாமல் இதே புள்ளிகள் வருமாம். தலசீமியாவிலும் வரலாம். ஆகவே புள்ளி இருந்தால் ஈயம் என்று முடிவு கட்டக்கூடாது, புள்ளி இல்லையென்றால் ஈயம் இல்லை என்றும் சொல்லக்கூடாது. ரத்தத்தில் ஈயத்தை அளந்தால்தான் தெரியும்.

அப்படியானால் இரும்புக் குறைபாடே இல்லையா? இருந்தது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவுதான். குடலில் இரும்பு ஏறும் அதே வழியில் காரீயமும் ஏறிக்கொள்கிறது. இரும்பு குறைந்த குழந்தையின் குடல் அந்த வழியை இன்னும் அகலமாகத் திறந்து வைக்கும். அதோடு, பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது என்றால், சிறு குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட பாதி போய்விடும்.

சரி, எங்கிருந்து வந்தது? சொம்பையும் பரிசோதிக்கக் கொடுத்தோம். நல்ல வெள்ளீயம், பழி தீர்ந்தது. என் கணவர் பழைய பங்களாக்களின் ஜன்னல், கதவுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்கிறார். நாங்கள் குடியிருந்ததும் அப்படியொரு பங்களாவின் பின்கட்டில்தான். அந்த ஜன்னல் சட்டங்களில் எத்தனை பூச்சு என்று அவருக்கே தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், தூசு சட்டையோடு வீட்டுக்குள் வரும், அதே சட்டையோடு மகளைத் தூக்குவார். அவளோ ஜன்னல் திட்டில் நின்றுகொண்டு உரிந்த பெயிண்ட்டைப் பிய்த்து வாயில் போடுவாள். பழைய ஈயப் பெயிண்ட் லேசாக இனிக்குமாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் வந்தது. சுரண்டி அனுப்பிய செதில்களில் ஈயம் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. அவர் ரத்தத்திலும் அளவு கூடியிருந்தது, ஆனால் ரத்தசோகை இல்லை.

மருந்துக்கு முன்னால் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். ஈயம் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது மருந்து கொடுப்பது வீண், சில வேளை கெடுதலும்கூட. கோத்தகிரியில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் சக்சிமர் என்ற மருந்து கிடைக்க ஒரு வாரம் அலைந்தோம். 12 கிலோ எடைக்கு 100 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக ஐந்து நாள், அப்புறம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாகப் பதினான்கு நாள். மாத்திரையுறையைப் பிரித்தால் அழுகிய முட்டை நாற்றம். வெல்லப்பாகில் குழைத்துக் கொடுத்தேன், பாதி நாள் துப்பினாள்.

பத்தொன்பதாம் நாள் ரத்தத்தில் ஈயம் 22. கொண்டாடிவிட்டோம். மூன்று வாரம் கழித்து 35. பயந்து போய் ஓடினால், இது எதிர்பார்த்ததுதான் என்றார்கள். ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் கிடக்கிறது. ரத்தம் காலியானதும் அங்கிருந்து கசிந்து வரும். புதிதாக எதுவும் சேரவில்லை என்பதால் காத்திருந்து பார்த்தோம். ஆறு மாதத்தில் 16-க்கு வந்தது. இரும்பு டானிக்கை மறுபடி ஆரம்பித்தபோது இந்தத் தடவை எடுபட்டது, ஹீமோகுளோபின் 11.4. துத்தநாகம் ஏறிய பழைய அணுக்கள் மட்டும் மெதுவாகத்தான் குறைந்தன. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறதே, அது சாகும்வரை தப்பான வளையத்தைச் சுமந்துகொண்டுதான் திரியும்.

கணவர் இப்போது தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கிறார், வேலைச் சட்டையை அங்கேயே கழற்றிவிட்டு வருகிறார். சொம்பை அத்தை பரணிலிருந்து தானே இறக்கிக்கொண்டார். அதில் ரசம் வைக்க என்னை இன்னும் விடுவதில்லை.