பத்தொன்பது முறை வந்த சொற்றொடர்

மதுரை மாசி வீதிப் பக்கம் சுங்குடி விற்கும் அக்கா ஒருவருக்குக் கடையோடு ஓர் இணையதளமும் இருக்கிறது. அதில் சேலை துவைப்பது பற்றிய கட்டுரை தேடலில் மேலே வரவில்லை, சரிசெய்து கொடு என்று கேட்டார். காசு கொடுத்து யாரையோ எழுதவைத்தது. இரண்டாம் பத்தி இது:

"மதுரை சுங்குடி சேலை துவைப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மதுரை சுங்குடி சேலை துவைப்பது எப்படி என்று தெரிந்தால் மதுரை சுங்குடி சேலை நீண்ட நாள் உழைக்கும்."

எண்ணிப் பார்த்தேன். கட்டுரை முழுவதிலும் அந்தச் சொற்றொடர் 19 முறை வந்தது. சத்தமாக வாசித்துக் காட்டியதும் அக்கா சிரித்துவிட்டார். "தம்பி, கடைக்கு வருகிற யாராவது இப்படிப் பேசுகிறார்களா?" சொற்களைத் திணிப்பதைக் கூகுள் தன் ஸ்பாம் கொள்கைகளிலேயே சேர்த்திருக்கிறது. நூறு சொல்லுக்கு இத்தனை முறை வரவேண்டும் என்று பலர் சொல்லும் கணக்குக்கு அங்கே இடமே இல்லை.

முதல் திருத்தத்தில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் வெட்டி, 'இது', 'இவ்வகைத் துணி' என்று போட்டேன். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் மூன்று பத்திகளில் சுங்குடி என்ற சொல்லே இல்லை. அங்கிருந்து வாசிக்கத் தொடங்கும் ஒருவருக்கு எந்தத் துணியைப் பற்றிய பேச்சு என்றே புரியாது.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. தேடுகிறவர்கள் 'சுங்குடி சேலை' என்று ஒற்று இல்லாமல் தட்டுகிறார்கள். நாம் 'சுங்குடிச் சேலையை', 'சுங்குடிச் சேலைக்கு' என்று எழுதுகிறோம். அதற்காக ஒற்றைத் தூக்கிப் பிழையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. 'சேலை துவைக்கும்போது', 'சுங்குடி கட்டினால்' என்று உருபு மறைந்து வருவதுதான் நம் இயல்பான பேச்சு. அங்கே சொல் தன் மூல வடிவிலேயே நிற்கிறது, ஒற்றும் மிகாது. "முதல் முறை சுங்குடி துவைக்கும்போது மற்றத் துணிகளோடு போடாதீர்கள்" என்பதில் எதுவும் திணிக்கப்படவில்லை, தேடும் சொல்லும் இருக்கிறது. சேலை, புடவை இரண்டையும் கலந்தே எழுதினேன். ஊரில் இரண்டும்தானே வழங்குகின்றன.

அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, இந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, என்ன சொற்களைத் தட்டியபோது இது தேடலில் தென்பட்டது என்று பார்த்தேன். 'துவைப்பது எப்படி' என்று தேடியவர்கள் குறைவு. 'சுங்குடி சேலை சாயம் போகுமா' என்பதற்குப் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது, ஏறக்குறைய யாரும் சொடுக்கவில்லை. சராசரி இடம் இருபதுக்கும் பின்னால். கட்டுரையில் தேடினால் சாயம் என்ற சொல் ஒரே ஒரு முறை, கடைசி வரியில் வந்திருந்தது.

அக்காவிடமே கேட்டேன். முதல் இரண்டு மூன்று துவைப்பில் கொஞ்சம் சாயம் இறங்கும், குளிர்ந்த நீரில் தனியாக அலசவேண்டும், ஊறவிடக் கூடாது, நிழலில் காயப்போட வேண்டும், அடர் சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் விடும் என்றார். அவர் சொன்னதை அப்படியே முதல் பத்தியாக வைத்தேன். 'சாயம் போகுமா?' என்பது ஒரு துணைத்தலைப்பானது. பக்கத் தலைப்பையும் மாற்றினேன்:

```
<title>சுங்குடி: சேலை சாயம் போகுமா, எப்படித் துவைப்பது?</title>
```

முகவரியை மட்டும் தொடவில்லை. தமிழ் எழுத்தில் இருந்ததால் வாட்ஸ்அப்பில் ஒட்டினால் %E0%AE என்று முழ நீளத்துக்கு ஓடுகிறது, பார்க்க அசிங்கம்தான். ஆனால் ஏற்கெனவே தேடலில் பதிவான முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 திசைமாற்றம் வைக்கவேண்டும். அழகுக்காக அந்த வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். புதிதாக எழுதுகிறவர்கள் தொடக்கத்திலேயே sungudi-saree-wash போலச் சிறியதாக வைத்துக்கொள்ளலாம்.

திருத்திய கட்டுரையில் அந்த நீளமான சொற்றொடர் ஒரு முறைகூட முழுதாக வரவில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 'சாயம் போகுமா' தேடலில் பக்கம் முதல் பத்துக்குள் வந்திருந்தது, சொடுக்குகளும் இருந்தன. 'மதுரை சுங்குடி சேலை' என்று மட்டும் தட்டினால் பழைய இடத்திலேயே கிடந்தது.

"அதற்கு என்ன செய்வது?" என்றார் அக்கா. அப்படித் தேடுகிறவருக்கு வேண்டியது வாங்கும் இடம், விலை, நிறம். துவைக்கும் பாடம் எதற்கு அவருக்கு? அதற்குத் தனிப்பக்கம் வேண்டும் என்றேன். உடனே ஒரு நோட்டை எடுத்து, "சரி, எழுதிக்கொள், மெழுகு அச்சில் ஆரம்பிக்கலாம்" என்று விலைப்பட்டியலைச் சொல்லத் தொடங்கினார்.