மாமி கைகூப்பினால் சம்மதம் என்று அர்த்தமில்லை

காலை ஆறரைக்கு மாட்டுங்கா மாமியிடமிருந்து போன் வந்தால், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். "ஏண்டாப்பா, பொடி பாக்கெட்ல என் போட்டோ போடணுமாம், உன் சிநேகிதன் கேக்கறான், இப்படி மாட்டி விட்டுட்டியே" என்றார்.

மாமி வீட்டிலேயே பருப்புப்பொடியும் சாம்பார்பொடியும் அரைத்துத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கொடுப்பவர், மாதம் ஆறேழு கிலோ. அந்தச் சிநேகிதன், நான் தம்பி என்று கூப்பிடுபவன், மும்பை லோக்கல் ரயில் பழக்கம். அவன் வாஷியில் ஏறுவான், நான் செம்பூரில் ஏறுவேன், ஒரே பெட்டி. திருநெல்வேலிக்காரன், மச்சானோடு சேர்ந்து மளிகைக்கடை போட்டிருக்கிறான், வீட்டுப்பொடி எங்கேயாவது கிடைக்குமா அண்ணே என்று ஒரு மாதமாக என் காதுக்குள்ளேயே (அந்த நெரிசலில் வேறெங்கே சொல்வது) கேட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் குர்லா வருவதற்குள் எனக்குப் பரோபகாரம் பொங்கிவிட்டது. நின்றபடியே வாட்ஸாப்பில் மூன்று பேருக்கு ஒரு குழு ஆரம்பித்தேன். "மாமி, தங்கமான பையன். தம்பி, மாமி கைமணம் அபாரம். இனி நீங்களே பேசிக்கோங்க!" இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பி மாதம் நாற்பது கிலோ என்றான். மாமிக்கு முழங்கால் வலி, நாற்பது கிலோ மிளகாயை வறுக்க நினைத்தாலே தும்மல் வரும். ஆனால் நான் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி முடியாது என்பார்? கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டார். தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு லேபிள் அடிக்கக் கொடுத்துவிட்டான். மாமி பேத்தியை விட்டு நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்தான், ஆனால் குழுவில் அது செல்லாது, படித்துவிட்டார் என்பது தெரிந்துவிடும். சத்தமில்லாமல் வெளியேறலாம் என்றால் அட்மினுக்கு மட்டும் தகவல் போகும். அட்மின் நான்.

லேபிள் செலவில் பாதியை நான் கொடுத்தேன். அது கிடக்கட்டும்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி வடகத்துக்கு வந்தான். இந்த முறை முலுண்டில் ஒரு மாமா மனதில் வந்தார், ஆனால் பெயரை வாயில் விடவில்லை. முதலில் தம்பியிடமே, "தெரிந்த ஒருவர் போடுகிறார், மாதம் பத்துக் கிலோவுக்கு மேல் எதிர்பார்க்காதே, கடைக்குச் சரிவராது என்றால் இப்போதே சொல்லிவிடு, அவரிடம் இன்னும் நான் பேசவேயில்லை" என்றேன். சரி என்றான். என்ன வேண்டும் என்பதை நாலே வரியில் எழுதி அனுப்பச் சொன்னேன், நானே சொன்னால் கொஞ்சம் மசாலா சேர்த்துவிடுவேன். பிறகு மாமாவுக்குத் தனியாக எழுதினேன்:

"மாமா, வாஷியில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு மாதம் பத்துக் கிலோ வடகம் வேண்டுமாம். அவன் எழுதியது கீழே இருக்கிறது. அவனோடு வியாபாரம் செய்ததில்லை, ரயிலில் ஒரு வருஷப் பழக்கம்தான். உங்கள் பெயரோ நம்பரோ அவனுக்குத் தெரியாது. இஷ்டமிருந்தால் 'சரி' என்று மட்டும் போடுங்கள், அறிமுகம் செய்கிறேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன், மறுபடி கேட்க மாட்டேன்."

அனுப்புவதற்கு முன் "உங்களை விட்டால் வேறு யாருமில்லை மாமா" என்று ஒரு வரியும் இருந்தது. மாமியின் கைகூப்பு நினைவுக்கு வர, அழித்தேன். அந்த ஒரு வரி போதும், மற்ற எல்லாக் கதவுகளையும் சாத்திவிடும்.

நாலு நிமிஷத்தில் பதில்: "முடியாதுப்பா." இவ்வளவு சுலபமாகவா மறுக்கவிட்டோம் என்று எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. தம்பியிடம் "அவருக்கு இப்போது தோதுப்படவில்லையாம்" என்றதோடு சரி. யார் என்று கேட்டான், சொல்லவில்லை.

அதே மெசேஜைக் கொஞ்சம் மாற்றி டோம்பிவிலியில் ஓர் அக்காவுக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை ராத்திரி "சரி, ஆனா எட்டுக் கிலோதான், காலைல போன் பண்ணக் கூடாது" என்று வந்தது. அதைத் தம்பியிடம் சொல்லி, அவனும் இரண்டாம் முறை சரி சொன்ன பிறகுதான் மூவரையும் சேர்த்தேன். யார் யார், எட்டுக் கிலோ, தம்பி சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவான், அவ்வளவுதான் எழுதினேன். அவர்கள் பேசிக்கொண்டது தெரிந்ததும் அக்காவை அட்மின் ஆக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மாமியிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அந்த லேபிள்ல மிச்சம் இருக்கா? மிளகாய்ப்பொடி டப்பால ஒட்டிக்கறேன்" என்றார்.