659 சரியாகத்தான் வந்தது

“நம்பரும் ஒண்ணு, பேரும் ஒண்ணு. வேற யாரா இருக்க முடியும், அக்கா?”

இதைத்தான் நான் சொன்னேன். சம்பளப் பிரிவு அக்கா என் திரையில் ஒரு வரியைக் காட்டி, “இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்தானா?” என்று கேட்டதற்குப் பதில். கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சரி தம்பி, நீங்க பாத்திருப்பீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

சம்பளப் பட்டியலில் 612 வரிகள். அதில் ஊழியர் எண் ஆறு இலக்கம், முன்னால் பூஜ்யங்களோடு: `001027` மாதிரி. வருகைப்பதிவுப் பட்டியலில் 438 வரிகள். அங்கே `T-1027` மாதிரி. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் இரண்டிலும் இருப்பார்கள், மற்றவர்கள் ஏதாவது ஒன்றில் மட்டும். இரண்டையும் சேர்த்து ஆளுக்கு ஒரு வரி வர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முன்பூஜ்யங்கள் எக்செலில் திறந்தவுடனே காணாமல் போயின. அது எல்லாருக்கும் நடப்பது. அந்த நெடுவரிசையை எழுத்தாகவே இருக்கும்படி மறுபடி ஏற்றினேன். இரண்டாவது பட்டியலின் எண்ணை முதல் பட்டியலின் வடிவத்துக்கு இப்படி மாற்றினேன்:

```
=TEXT(VALUE(MID(B2,3,6)),"000000")
```

`T-1027` அழகாக `001027` ஆகிவிட்டது. தேடிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான எண்கள் அப்படியே பொருந்தின, பெயரும் பொருந்தியது. ஏனென்றால் ஒரு காலகட்டம் வரை பிரிவு மாறியவர்களுக்குப் பழைய எண்ணையே முன்னால் ஒரு T போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் யாரோ அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, அந்தப் பிரிவில் நேராகச் சேர்ந்தவர்களுக்கு T வரிசையில் நடுவே காலியாகக் கிடந்த எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, ஒரே எண் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள். சில இடங்களில் சம்பந்தமே இல்லாத இரண்டு ஆட்கள். எப்போதுமே தவறாகப் போகும் விதியாக இருந்தால் முதல் பத்து வரியிலேயே பிடித்திருப்பேன். நூற்றுக்கு நூறு போலத் தெரிந்ததுதான் என்னைச் சாய்த்தது.

பிறந்த தேதியை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். பார்த்தேன். வருகைப்பதிவுப் பட்டியலில் நிறையப் பேருக்கு அது ஜனவரி 1. தேதி தெரியாதபோது யாரோ இட்டு நிரப்பியது. இன்னும் சிலருக்கு நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன; ஒன்றில் 03-04, மற்றதில் 04-03. இப்படிப்பட்ட நெடுவரிசையை வைத்து ஆட்களைப் பிரித்தால் ஒரே ஆளை இரண்டாக்கிவிடுவோம் என்று பயந்தேன். அந்தப் பயம் தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஜனவரி 1 என்றால் ‘தெரியவில்லை’ என்று அர்த்தம், வேறு ஒரு முழுத் தேதி இருந்தால் ‘ஒத்துவரவில்லை’ என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து நெடுவரிசையையே தூக்கிப்போட்டது என் வேலை.

அக்கா காட்டிய வரியில் பிறந்த தேதிகள் வேறு வேறு, இரண்டுமே உண்மையான தேதிகள். சேர்ந்த தேதிக்கும் இரண்டு வருட இடைவெளி. அது பிரிவு மாறிய தேதியாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். ஒரு வித்தியாசத்துக்குக் காரணம் கிடைத்தால் அடுத்த வித்தியாசத்தை மனம் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ‘நிலுவை’ என்று ஒரு தனித் தாள் வைத்திருந்தேன், உறுதியாகாதவர்களுக்காக. அதில் அப்போது 22 பேர். மேலாளர் அந்தத் தாளைத்தான் தினமும் கேட்பார். 23 ஆக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் கூட்டிப் பார்த்தேன். 612-உம் 438-உம் சேர்ந்து 1050 வரிகள். நிலுவையும் தீர்ந்தபின் பொருந்திய ஜோடிகள் 391. 1050-இல் 391 போனால் 659. சம்பளப் பிரிவு தனியாக எண்ணி வைத்திருந்த ஆள் கணக்கும் 659. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சம்பள நாளன்று ஒருவருக்குப் பணம் வரவில்லை. வருகைப்பதிவுப் பக்கத்து ஆள். இணைத்தபோது வங்கி விவரத்துக்குச் சம்பளப் பட்டியலையே நம்பு என்று விதி வைத்திருந்தேன். அதனால் அவருடைய வரி, அதே பெயர் கொண்ட இன்னொருவரின் வரிக்குள் கரைந்துபோயிருந்தது. வருகைப்பதிவைத் திறந்தால் ஒரே ஆள் ஒரே காலையில் எட்டு நிமிட இடைவெளியில் இரண்டு வாசல்களில் உள்ளே வந்திருக்கிறார், தினமும். விடுப்பு இருப்பும் இரண்டு பேருடையது சேர்ந்து கிடந்தது.

அப்படியானால் 659 எப்படிச் சரியாக வந்தது? அதற்கு அரை நாள் ஆனது. வேலையை விட்டுப்போய்த் திரும்பச் சேர்ந்த ஒருவர் சம்பளப் பட்டியலிலேயே இரண்டு எண்களோடு இருந்தார். பழைய எண்ணுக்குச் சம்பளம் பூஜ்யம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பக்கம் இல்லாத ஆள் ஒருவர் கூடியிருக்கிறார், மறுபக்கம் இருக்கிற ஆள் ஒருவர் குறைந்திருக்கிறார். 611-உம் 438-உம் கூட்டி, உண்மையான ஜோடிகள் 390-ஐக் கழித்தாலும் அதே 659. மொத்தக் கணக்கு ‘எத்தனை பேர்’ என்பதை மட்டும் சொல்லும், ‘யார் யார்’ என்பதைச் சொல்லாது. அக்கா கேட்டது இரண்டாவது கேள்வி. நான் விடை வைத்திருந்தது முதல் கேள்விக்கு.

பிரித்தெடுக்க முடிந்தது, மூலக் கோப்புகள் இரண்டும் கையில் இருந்ததால். ஆனால் இணைந்த வரியில் பழைய எண்களில் ஒன்றைத்தான் வைத்திருந்தேன். எந்த நாளின் வருகை யாருடையது என்று வாசல் வாசலாகப் பார்த்துத்தான் பிரித்தோம். அக்காவும் கூட உட்கார்ந்தார். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு தனி இணைப்புத் தாள் வைக்கிறேன்: எந்தப் பட்டியல், பழைய எண், புது எண், எதை வைத்து இணைத்தேன், இணைத்தவர். இரண்டு பட்டியலின் ஒவ்வொரு வரியும் அதில் ஒரே ஒரு முறை இருக்க வேண்டும். 1050 என்றால் 1050. எண்ணும் பெயரும் ஒத்துப்போனாலும், நிஜமான இரண்டு பிறந்த தேதிகள் மோதினால் நேராக நிலுவைக்கு. பணம் இருமுறை போனால் திரும்பக் கேட்கலாம், ஒருவர் இரண்டு பேராக இருந்தால் சேர்த்துவிடலாம், இரண்டு பேரை ஒருவராக்கினால் பிரிப்பது பெரும்பாடு என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஆனால் அடுத்த முறை இதே விதிப்படி 40 பேரை நிலுவையில் போட்டேன், ஒரு வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். நாற்பதிலும் ஒரே ஆள்தான், தேதிதான் தப்பு. மேலாளர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் அன்று நான் எடுத்த முடிவு அவ்வளவு முட்டாள்தனமா என்றும் தோன்றுகிறது. அப்புறம் அந்த எட்டு நிமிடம் நினைவுக்கு வருகிறது.

பழைய வரிகளுக்கும் இணைப்புத் தாளைப் பின்னால் உட்கார்ந்து நிரப்பினேன். `001027`-க்கு இணைத்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. எதை வைத்து என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாகவே விட்டிருக்கிறேன்.