ஆர்டர் குறையலாம் என்று பெட்டிக்காரரிடம் சொன்ன விதம்

ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். பண்ணையில் பிடித்த வனாமி இறாலைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, தூத்துக்குடி வழியாக அனுப்புகிறோம். அதற்கான அட்டைப்பெட்டிகள் சிவகாசிப் பக்கமிருந்து வருகின்றன. மாதத்தின் முதல் வாரத்தில் அந்தச் சப்ளையருக்கு அடுத்த ஆறு மாதத்துக்கான தேவையை ஒரு ஷீட்டில் போட்டு அனுப்புவோம். அடுத்த மாத ஷீட்டில் முடிந்துபோன மாதம் கழிந்து, கடைசியில் ஒரு புது மாதம் சேரும். ரோலிங் ஃபோர்காஸ்ட் என்பது இதுதான். எங்கள் ஆபீஸில் ஆறு மாசக் கணக்கு என்போம். 2025 ஆகஸ்டில் அந்தக் கணக்கை, "இது இறங்கவும் கூடும்" என்ற எச்சரிக்கையோடு அனுப்ப வேண்டி வந்தது. அதை எப்படிச் செய்தோம் என்பதை இதே வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்திய இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதக் கூடுதல் வரி வந்தது. ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 என்றும் அறிவித்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே இறக்குமதியாகும் சரக்குக்கு இரண்டாவது வரி கிடையாது. கடலில் போகும் நாட்களைக் கணக்குப் பார்த்தால் கையில் மிச்சமிருந்தது கொஞ்ச நாள்தான். இருந்த சரக்கையெல்லாம் அவசரமாக ஏற்றினோம், பெட்டி மளமளவென்று தீர்ந்தது.

ஆபத்து அங்கேதான் இருந்தது. எங்கள் ஷீட் முந்தைய மூன்று மாதப் பெட்டிச் செலவின் சராசரியை எடுத்து அடுத்த மாதத்தைக் கணக்கிடும். ஆகஸ்டின் அவசரம் உள்ளே போனதும் செப்டம்பரும் அக்டோபரும் ஏறிக் காட்டின. உண்மையில் அந்த மாதங்களின் சரக்கைத்தான் முன்கூட்டியே அனுப்பியிருந்தோம். ஷீட் ஏறுமுகம் காட்டுகிறது, வியாபாரம் இறங்கப்போகிறது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் சிவகாசியில் பெட்டி அடித்துக் குவித்திருப்பார்கள். சராசரியை ஒதுக்கிவிட்டுக் கையிலிருந்த ஆர்டர்களை வைத்துக் கணக்கைப் புதிதாகப் போட்டேன்.

எண்ணைக் குறைத்து எழுதுவது பெரிய வேலையில்லை. அந்த எண்ணை நம்பி எதிர்த்தரப்பில் யார் எப்போது பணம் போடுகிறார் என்று தெரிந்தால்தான் எச்சரிக்கைக்குப் பயன் உண்டு. பெட்டி சப்ளையர் அண்ணாச்சியிடம் உட்கார்ந்து கேட்டேன். பேப்பர் மில்லில் ரீல் கேட்டால் வந்து சேர மூன்று வாரம். அதை அடுக்காக ஒட்டி, அச்சடித்து, வெட்டி, பெட்டியாக்கப் பத்து நாள். லாரி ஏறி இங்கே இறங்குவதையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து வாரம். இந்த ஐந்து வாரத்தில் அவர் திரும்ப முடியாத இடங்கள் இரண்டு: ரீல் வாங்குவது, அச்சடிப்பது. அச்சடிக்காத பேப்பரை வேறு கம்பெனிக்குத் திருப்பிவிடலாம். அமெரிக்க பையரின் பிராண்ட் அச்சடித்த பெட்டியை எடைக்குத்தான் போட வேண்டும்.

அதனால் ஷீட்டையே மாற்றினோம். முன்பெல்லாம் மாதத்துக்கு ஓர் எண்தான் இருக்கும். இப்போது ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று கட்டங்கள். முதலாவது "அச்சடிக்கலாம்": பெட்டியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் எங்களுடையது. இரண்டாவது "பேப்பர் மட்டும்": ரீல் வாங்கி வைக்கலாம், அச்சு கூடாது. மூன்றாவது "தகவலுக்கு": எங்கள் எதிர்பார்ப்பு, இதை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

அக்டோபர் மாதத்தை எடுத்துச் சொல்கிறேன். இரண்டு பவுண்டு பைகள் பத்து போட்டால் ஒரு மாஸ்டர் கார்ட்டன். நாங்கள் ஏற்றும் முறையில் ஒரு நாற்பதடி கண்டெய்னருக்கு ஏறத்தாழ 1,800 பெட்டி. பழைய கணக்கில் அக்டோபருக்கு அமெரிக்க பிராண்டில் 9,000, அதாவது ஐந்து கண்டெய்னர். எழுத்தில் உறுதியாகியிருந்தவை இரண்டு கண்டெய்னர்தான். மூன்றாவதற்குப் பேச்சு நடந்தது. மற்ற இரண்டும் போன வருடப் பழக்கத்தில் போட்டவை. அதனால் 3,600 "அச்சடிக்கலாம்", 1,800 "பேப்பர் மட்டும்", 3,600 "தகவலுக்கு" என்று பிரித்தேன். கண்டெய்னரில் எண்ணினால் எங்கள் ஆபீஸிலும் சண்டை வராது. ஐந்தில் எது கைக்கு வந்தது, எது வரவில்லை என்று மார்க்கெட்டிங்கில் நேராகச் சொல்லிவிடுவார்கள். சதவீதத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

ஷீட்டின் மேலே எச்சரிக்கையை இப்படி எழுதினேன்: "அமெரிக்க வரியால் அக்டோபர், நவம்பர் அமெரிக்கப் பெட்டிகள் குறைய வாய்ப்பு அதிகம். அக்டோபருக்கு 9,000 என்ற பழைய எண் 3,600 வரை இறங்கலாம். பையரின் பதில் செப்டம்பர் முதல் வாரத்தில் தெரியும், தெரிந்த அன்றே சொல்கிறோம். அதுவரை 3,600-க்கு மேல் அச்சடிக்க வேண்டாம். 'அச்சடிக்கலாம்' கட்டத்தில் போட்ட எண்ணைக் குறைக்க மாட்டோம்." காரணம், எவ்வளவு இறங்கும், எப்போது தெரியும், அதுவரை என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு. இந்த ஐந்தும் இல்லாமல் "மார்க்கெட் சரியில்லை, பார்த்துப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னால் சப்ளையருக்கு அது விலை குறைக்கக் கேட்பதற்கான பீடிகையாகத்தான் படும். பையரின் பெயரையும் அவர் சொன்ன விலையையும் எழுதவில்லை. அதே அண்ணாச்சி பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பெட்டி போடுகிறவர்.

ஷீட் போன அன்று சாயங்காலமே போன் வந்தது. "தம்பி, ஒரு நம்பர் சொல்லுங்க. மூணு கட்டம் போட்டு அனுப்புனா நான் எதை நம்பி மில்லுக்குப் பணம் கட்டுறது?"

"முதல் கட்டத்தை நம்பிக் கட்டுங்க அண்ணாச்சி. அதுல ஒரு பெட்டி குறைஞ்சாலும் பில் போட்டு அனுப்புங்க."

"ரெண்டாவது கட்டத்துல பேப்பர் வாங்கி வைக்கச் சொல்றீக. உங்க பெட்டிக்கு மேல வர்ற வெள்ளைப் பேப்பரை நான் வேற யாருக்குப் போடுவேன்?"

அது எனக்குப் புதிய செய்தி. பேப்பர் என்றால் எல்லாம் ஒன்று என்று பர்ச்சேஸில் இருப்பவர்கள் நினைப்போம். உள்ளடுக்குகளுக்குப் போகும் பழுப்பு கிராஃப்ட் ரீல் எந்தப் பெட்டிக்கும் ஆகும். மேலே அச்சு ஏறும் வெள்ளைப் பேப்பரை எங்கள் அளவுக்கு ஏற்ற அகலத்தில் வரவழைக்கிறார். அதை வேறு அளவுப் பெட்டிக்குப் போட்டால் ஓரத்தில் பட்டை பட்டையாகக் கழிவு விழும். ஆகவே இரண்டாவது கட்டத்துக்குப் பொறுப்பைப் பங்கு போட்டோம்: வெள்ளை எங்களுடையது, பழுப்பு அவருடையது. மூன்று மாதத்துக்குள் நாங்கள் எடுக்காத வெள்ளை ரீலுக்கு வாங்கிய விலையைக் கொடுத்துவிடுவோம் என்று மெயிலில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு எம்.டி.யிடம் முதலிலேயே ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். பர்ச்சேஸ் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கிற வாக்கு அக்கவுண்ட்ஸில் நிற்காது.

இன்னொரு விஷயம் அவர் வாயிலிருந்து வரவில்லை, குரலில் இருந்தது. வால்யூம் குறைகிறது என்று கேட்டதும் எந்தச் சப்ளையருக்கும் முதலில் வருவது தன் பழைய பாக்கியைப் பற்றிய பயம். கம்பெனியே ஆடுகிறதோ என்று நினைத்து கிரெடிட்டை இறுக்கினால் எச்சரிக்கை நமக்கே திரும்பும். தவணை தாண்டிய இரண்டு பில்களை அந்த வாரமே கட்ட வைத்தேன். அச்சு அளவு குறைந்தால் பெட்டிக்கு விலை ஏறும் என்பதையும் அப்போதே பேசி முடித்தோம். மூவாயிரத்துக்குக் கீழ் அடித்தால் அச்சு செட்டிங்குக்குத் தனியாக ஒரு தொகை, பெட்டி விலையில் மாற்றமில்லை. பின்னால் ஒவ்வொரு பில்லிலும் தகராறு செய்வதைவிட இது மேல்.

பையரின் பதிலுக்காக மட்டும் காத்திருக்கவில்லை. வனாமி குஞ்சு விட்டு ஏறத்தாழ நான்கு மாதத்தில் பிடிப்புக்கு வரும். எத்தனை குட்டையில் குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே டிசம்பர், ஜனவரிப் பெட்டிக் கணக்கு பாதி தெரிந்துவிடும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கப் பண்ணைகளுக்குப் போகும் எங்கள் கொள்முதல் ஆட்களிடம் அதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அங்கே வேறொரு செய்தியும் கிடைத்தது. விலை இன்னும் விழும் என்று பயந்து சிலர் முன்கூட்டியே பிடிக்கிறார்கள். கிலோவுக்கு 50, 60 இறால் என்று நிற்க வேண்டியது 80, 100 கவுண்டில் வருகிறது. எங்கள் அமெரிக்க பையர் எடுக்கும் பேக்குக்கு அந்தச் சிறிய சைஸ் ஆகாது, வேறு நாடுகளுக்குத்தான் போகும். அப்படியானால் பிராண்ட் பெட்டி குறையும்போதே, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் பொதுப் பெட்டி கூடும்.

செப்டம்பர் ஷீட்டில் அது தெரிந்தது. பையர் அக்டோபருக்கு இரண்டு கண்டெய்னரோடு நிறுத்திக்கொண்டார். அமெரிக்கப் பெட்டி 3,600-இல் நின்றது. பொதுப் பெட்டி 3,000-இலிருந்து 5,500-க்கு ஏறியது. வாங்கி வைத்திருந்த பழுப்பு ரீல் அப்படியே அதற்குள் போய்விட்டது. வெள்ளை ரீல் மிஞ்சியது. பொதுப் பெட்டியையும் அதே அளவில், வெள்ளை மேல்தாளில், எங்கள் கம்பெனி விவரத்தை மட்டும் அச்சிட்டு, பையருக்கும் சைஸுக்கும் காலி இடம் விட்டு அடிக்கச் சொன்னோம். வெள்ளையும் தீர்ந்தது.

மாதாமாதம் அவரிடமிருந்து திருப்பி ஒரு கணக்கு வாங்குகிறேன்: எங்கள் பெயரில் அச்சடித்த பெட்டி எவ்வளவு, வெள்ளை ரீல் எவ்வளவு என்று. அச்சடித்தது நம் முதல் கட்டத்தைத் தாண்டியிருந்தால் ஷீட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்று பொருள். அக்டோபரில் அப்படி ஒரு முறை தாண்டியது. விசாரித்தால், மெஷின் ஓட்டும் சூப்பர்வைசர் கடைசியில் இருந்த "மொத்தம்" வரியை மட்டும் பார்த்து அடித்திருக்கிறார். அன்றிலிருந்து ஷீட்டில் மொத்தம் கிடையாது. "தகவலுக்கு" கட்டம் தனிப் பக்கத்தில் போகிறது, அது அண்ணாச்சிக்கு மட்டும்.

தாண்டி அடித்தவற்றை அவர் குடோனிலேயே வைக்கச் சொன்னோம். வடகிழக்குப் பருவமழையில் இங்கே பெட்டியை இருப்பு வைக்க முடியாது. கடல் ஈரக்காற்றில் சில வாரத்தில் பெட்டி தளர்ந்துவிடும். மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மொடமொடவென்று எதிர்க்காமல் உள்ளே போகும். அதைக் கோல்டு ஸ்டோரேஜில் அடுக்கினால் அடிவரிசை நசுங்கும்.

ஐந்து வாரத்துக்குள் வரும் மாற்றத்துக்கு இந்த ஷீட்டால் ஒன்றும் ஆகாது, அதற்குப் போன்தான். இன்னொன்று, ஆதாரம் இல்லாமல் பாதுகாப்புக்காக ஒவ்வொரு மாதமும் "குறையலாம்" என்று எழுதுவதில்லை. டிசம்பர் ஷீட்டில் அந்த வரியை எடுத்துவிட்டேன், ஏனென்றால் மழை மாதங்களில் எப்போதும் குறைவுதான், அது அவருக்கும் தெரியும். பிப்ரவரிக்கு மேல் உள்ள கட்டங்களை, குட்டைகளில் குஞ்சு விட்ட கணக்கு வந்த பிறகுதான் நிரப்புகிறோம்.